முதலில் ஒரு பகுதி மட்டும்: பழைய சோனகத் தெரு முதலாளிக்கு என்ன சொல்வது?

கேள்வி: நாங்கள் வெள்ளவத்தையில் மூன்று பேர் சேர்ந்து, கடைகளுக்குச் சரக்கு இருப்புக் கணக்கு ஒழுங்குபடுத்திக் கொடுக்கும் வேலை செய்கிறோம். பழைய சோனகத் தெருவில் ஒரு ஹார்ட்வெயார் மொத்தக் கடை. சுமார் 6,200 வகைச் சாமான்கள். ஆரம்ப வேலைக்கு 6 லட்சம், பிறகு மாதம் ஒன்றரை லட்சம் என ஒரு வருடத்துக்கு மொத்தம் 24 லட்சம் ரூபாய்க்குக் கொட்டேஷன் கொடுத்தோம். முதலாளிக்கு வேலை பிடித்திருக்கிறது, ஆனால் பயப்படுகிறார். முன்பு ஒருவர் பில் போடும் சொப்ட்வெயார் என்று வந்து, பாதியில் விட்டுப் போய்விட்டாராம். "தம்பி, ஒரு மாசம் சும்மா செஞ்சி காட்டுங்க, சரிவந்தா பாப்பம்" என்கிறார். என் பங்காளி இலவசமாகச் செய்யலாம் என்கிறார், காசு கேட்டால் ஆள் ஓடிவிடும் என்று அவருக்குப் பயம். எனக்கு மனமில்லை. சிறிதாக ஒரு பைலட் வேலையைக் காசுக்குச் செய்து காட்டலாமா? எவ்வளவு நாள், எவ்வளவு காசு, எதைச் செய்து காட்டுவது?
— வாசகர், வெள்ளவத்தை

பதில்: காசுக்கே செய்யுங்கள். மூன்று கிழமை, ஒரே ஒரு பகுதி, 1,44,000 ரூபாய். இந்தக் கணக்கு எப்படி வந்தது என்பதைக் கீழே சொல்கிறேன். அதற்கு முன் முதலாளியின் பயத்தைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும், பைலட்டின் வடிவத்தைத் தீர்மானிப்பது அதுதான்.

அவர் பயப்படுவது காசு போய்விடும் என்றல்ல. பாதியில் விட்டுப்போன கணக்கு கடைக்குள் கிடப்பதை அவர் ஒருமுறை அனுபவித்துவிட்டார். பாதிச் சாமான் கணினியில், பாதி பழைய கொப்பியில். எதைப் பார்ப்பது என்று கவுண்டரில் நிற்கும் பொடியனுக்குத் தெரியாது. இருக்கிறது என்று வாக்குக் கொடுத்த சாமான் ஸ்டோர்ஸில் இருக்காது. அந்த நிலை, கணக்கே இல்லாமல் இருப்பதைவிட மோசம். அதனால் உங்கள் பைலட் முடியும் நாளில் கடை பாதியில் நிற்கக் கூடாது. ஒரு பகுதியை எடுத்து, அதை முழுதாக முடித்து, நீங்கள் நாளைக்கே வராமல் போனாலும் அவருடைய ஆட்களே நடத்திக்கொண்டு போகும்படி கையில் கொடுக்க வேண்டும். பட்டியல் சாதாரண எக்செல் கோப்பாக அவரிடமே இருக்கட்டும். "நாங்கள் போனாலும் இது உங்களிடம் ஓடும்" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். விலைக் கழிவைவிட இந்த ஒரு வசனம் அவருக்குப் பெரிய ஆறுதல்.

ஒரு மாதம் இலவசமாக முழுக் கடையையும் தொடுவது அந்தப் பழைய காயத்தை மறுபடி கீறுவதுதான். மூன்று பேர் ஒரு மாதத்தில் 6,200 சாமானையும் முடிக்க முடியாது. மாதக் கடைசியில் மறுபடியும் அதே பாதி நிலையில்தான் நிற்பார்.

இலவசம் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இன்னொரு காரணம் உண்டு, அது உங்கள் வருமானத்தைப் பற்றியதல்ல. இருப்புக் கணக்கு வேலை உங்கள் மூவராலும் மட்டும் நடக்காது. கடையின் கணக்கப்பிள்ளையும் ஸ்டோர்ஸில் நிற்பவரும் தினமும் முக்கால் மணி நேரமாவது உங்களோடு உட்கார வேண்டும். முதலாளி காசு கொடுத்தால்தான் அந்த ஆட்களை ஒதுக்குவார். பல வருடங்களுக்கு முன் ஒரு துணிக் கடையில் நான் ஒரு மாதம் இலவசமாகச் செய்தேன். கணக்கப்பிள்ளையைக் கேட்டால், "இன்றைக்கு பேங்குக்குப் போய்விட்டார், நாளைக்கு வாங்கோ" என்பார்கள். நாளைக்கு லொறி வந்திருக்கும். மாதம் முடிந்தபோது கையில் ஒன்றும் இல்லை. அவர்களிடம் குற்றம் சொல்லவும் முடியாது. காசு வாங்காத ஆளுக்காகக் கடை வேலையை யார் நிறுத்துவார்கள்?

சரி, எந்தப் பகுதியை எடுப்பது? இங்கேதான் பெரும்பாலானவர்கள் தவறுகிறார்கள். நானும் தவறினேன். இதே மாதிரி ஒரு ஹார்ட்வெயார் கடையில் பெயின்ட் டின்களை எடுத்துச் செய்து காட்டினேன். ஒரு டின் ஒரு டின்தான். வந்தது, விற்றது, மிச்சம், எல்லாம் முழு எண். எண்ணிப் பார்த்தால் அத்தனையும் சரி. முதலாளி அன்றைக்கே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். அடுத்த மாதம் வயரும் ஆணியும் தொடங்கியதும் எல்லாம் குழம்பியது. மூன்று மாதம் என் கைக்காசைப் போட்டுத் திருத்தினேன். பைலட் நன்றாக நடந்ததுதான் பிரச்சினை. கடையில் எது கஷ்டமோ அதை அது தொடவே இல்லை.

ஹார்ட்வெயார் கடையில் கஷ்டம் அலகில் இருக்கிறது. வாங்குவது ஒரு அலகில், விற்பது இன்னொன்றில். வயர் 100 மீற்றர் ரோலாக வரும். ஒருவர் 7 மீற்றர் கேட்பார், அடுத்தவர் 12 கேட்பார். கடைசியில் 3 மீற்றர் துண்டு ஒன்று ரோலிலேயே தொங்கும். அதை யாரும் வாங்கமாட்டார்கள். கணக்கில் அது இருக்கிறது, விற்க ஆகாது. எண்ணுகிற பொடியன் ஒரு நாள் அதை ஒரு ரோல் என்று எழுதுவான், மறுநாள் விட்டுவிடுவான். ஆணி இன்னும் சிக்கல். 25 கிலோ பெட்டியை உடைத்துக் கிலோ கிலோவாக நிறுத்துக் கொடுக்கும்போது தட்டு கொஞ்சம் தாழ்ந்தே நிற்கும். ஒவ்வொரு கிலோவுக்கும் 20 கிராம் கூடிப்போனால் 25 தடவையில் அரைக் கிலோ போய்விடும். பெட்டிக்கு 2%. யாரும் திருடவில்லை, ஆனாலும் கணக்கு ஒருநாளும் ஒத்துவராது. பி.வி.சி. குழாய் இணைப்புகளில் வேறு தொல்லை: ஒரே எல்போவுக்குக் கவுண்டரில் ஒரு பெயர், ஸ்டோர்ஸில் ஒரு பெயர், வாங்கிய இன்வொய்ஸில் இன்னொரு பெயர்.

ஆகவே வயர், ஆணி, குழாய் இணைப்பு ஆகிய மூன்றையும் சேர்த்து ஒரு பகுதியாக எடுங்கள். உங்கள் கடையின் அளவுக்குச் சுமார் 420 வகை வரும் என்று வைத்துக்கொள்கிறேன். இதில் ஒத்துவந்தால் மற்றதில் ஒத்துவரும் என்று நீங்களும் நம்பலாம், அவரும் நம்பலாம். எளிதானதைச் செய்து காட்டினால் கையெழுத்து சீக்கிரம் கிடைக்கும், உண்மைதான். ஆனால் அவருடைய அபாயம் குறையவே இல்லை. பைலட்டிலிருந்து ஒப்பந்தத்துக்கு அதை நகர்த்தியிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

இப்போது நாட்கள். புறக்கோட்டைக் கடைகள் திங்கள் முதல் சனி வரை என்று எடுத்தால் மூன்று கிழமையில் 18 வேலை நாள். போயா விடுமுறை இடையில் வந்தால் ஒரு நாள் தள்ளிப்போகும். சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய கிழமைகளைத் தொடாதீர்கள். ஆட்கள் ஊருக்குப் போய்விடுவார்கள், விற்பனையும் வழக்கமானதாக இராது.

முதல் நாள் காலை எதையும் திருத்தத் தொடங்க வேண்டாம். அந்த 420 இலிருந்து 60 சாமானை முதலாளியையே தெரிவுசெய்யச் சொல்லுங்கள். கொப்பியில் உள்ள தொகையையும் கடையில் உண்மையாக உள்ள தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். இருவர் அரை நாளில் முடித்துவிடலாம். அறுபதில் எத்தனை ஒத்துவருகிறது என்ற அந்த எண்தான் உங்கள் முழுப் பைலட்டின் அத்திவாரம். அது இல்லாவிட்டால் மூன்று கிழமைக்குப் பிறகு நீங்கள் நல்ல விளைவைக் காட்டினாலும், "முன்னேயும் இப்படித்தானே இருந்தது" என்று கணக்கப்பிள்ளை சொல்லிவிடுவார். அவரைக் குற்றம் சொல்வதற்காக எடுக்கிற எண் இல்லை இது, அதை அவர் முன்னாலேயே சொல்லுங்கள். முப்பது வருடம் அந்தக் கணக்கைத் தலையில் சுமந்த மனிதர் அவர். அவர் உங்களுக்கு எதிராக நின்றால் எந்த முறையும் அந்தக் கடையில் ஓடாது.

பிறகு மூன்று நாள் பெயரும் அலகும். ஒவ்வொரு சாமானுக்கும் ஒரே பெயர், வாங்கும் அலகு, விற்கும் அலகு, இரண்டுக்கும் இடையிலான கணக்கு. வயர் துண்டுக்கு ஒரு விதியை இங்கேயே முடிவுசெய்யுங்கள்: 5 மீற்றருக்குக் கீழே போனால் ரோலிலிருந்து கழற்றித் தனிப் பெட்டியில் போட்டு, கணக்கிலிருந்தும் எடுத்துவிடுவது. விதி எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, எல்லோரும் ஒரே விதியைப் பின்பற்ற வேண்டும். அதன் பிறகு இரண்டு நாள் முழு எண்ணிக்கை. இத்தோடு முதல் கிழமை முடிகிறது.

அடுத்த 10 நாள் கடை வழக்கம்போல ஓடட்டும். முதல் 4 நாள் உங்களில் ஒருவர் பக்கத்தில் நின்று பதிவு செய்யக் காட்டிக்கொடுங்கள். ஐந்தாம் நாளிலிருந்து விலகிவிடுங்கள். மாலையில் ஒரு தடவை எட்டிப் பார்ப்பதோடு சரி. இதை உறுதியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். நீங்களே கடைசிவரை நின்று பதிந்தால் எண்கள் அழகாக வரும், ஆனால் அது உங்கள் மூவரின் உழைப்பைத்தான் காட்டும். கடை ஆட்களால் முடியுமா என்பதுதான் அவர் தெரிந்துகொள்ள வேண்டியது. பதினேழாம் நாள் மறுபடி முழு எண்ணிக்கை, பதினெட்டாம் நாள் அவரோடு உட்கார்ந்து பேசும் கூட்டம்.

எது நடந்தால் வெற்றி என்பதைத் தொடங்கும் முன்பே எழுதிவிடுங்கள். எனக்கு இரண்டே இரண்டு அளவு போதும். ஒன்று, கடைசி எண்ணிக்கையில் 420 இல் 400 சாமானாவது கணக்கோடு ஒத்துவர வேண்டும். தனித்தனியாக எண்ணக்கூடியவை அச்சொட்டாக, நிறுத்து விற்பவை 2% வரை கூடக்குறைய இருக்கலாம். இந்த 2% ஐ நான் ஆணிக் கணக்கிலிருந்தே எடுத்தேன். அதைவிட இறுக்கமாகக் கேட்டால் தராசு சம்மதிக்காது. மற்றது, நீங்கள் விலகி நின்ற கடைசி 6 நாளில் 5 நாளாவது அன்றன்றைய பில்கள் கடை பூட்டுமுன் பதியப்பட்டிருக்க வேண்டும். முதல் அளவு முறை சரியா என்று சொல்லும். இரண்டாவது, இந்தக் கடை அந்த முறையைத் தாங்குமா என்று சொல்லும். முதலாவது சரிவந்து இரண்டாவது தவறினால் ஒப்பந்தம் போட அவசரப்பட வேண்டாம். பதிவுக்கென்று ஒரு ஆள் போட அவர் தயாரா என்று கேளுங்கள். இல்லை என்றால், அந்த 24 லட்சம் அவருக்கும் வீண், உங்களுக்கும் தலைவலி.

காசுக்கு வருகிறேன். உங்கள் மாதக் கட்டணம் ஒன்றரை லட்சம், அதை மாதத்துக்கு 25 ஆள்நாள் வேலை என்று எடுத்தால் ஒரு ஆள்நாள் 6,000 ரூபாய். அதே விலையில் பைலட்டைக் கணக்கிடுவோம். ஆரம்பச் சோதனைக்கு இருவர் அரை நாள், ஒன்று. பெயரும் அலகும் இருவர் மூன்று நாள், ஆறு. முழு எண்ணிக்கை மூவர் இரண்டு நாள், ஆறு. பக்கத்தில் நின்ற நான்கு நாளும் மாலைப் பார்வைகளும் சேர்த்து ஐந்து. கடைசி எண்ணிக்கை மூவர் ஒரு நாள், மூன்று. அறிக்கைக்கும் கூட்டத்துக்கும் இரண்டு. எதிர்பாராததற்கு ஒன்று. மொத்தம் 24 ஆள்நாள், 1,44,000 ரூபாய். முழு ஒப்பந்தத்தில் இது 6%. கையில் ஒரு முடிவு வருவதற்கு அவர் பணயம் வைப்பது அவ்வளவுதான்.

பைலட்டுக்கு என்று விலையைக் குறைக்காதீர்கள். குறைத்தால் அந்தக் குறைந்த விலைதான் ஒப்பந்தப் பேச்சில் தொடக்கப் புள்ளியாக வந்து நிற்கும். அதற்குப் பதிலாகக் கழிவு கொடுங்கள், அந்தக் கழிவுக்கும் காரணம் இருக்கட்டும். 6,200 சாமானுக்கு ஆரம்ப வேலை 6 லட்சம் என்றால் ஒரு சாமானுக்கு 97 ரூபாய் அளவில் வருகிறது. 420 சாமானின் ஆரம்ப வேலை பைலட்டிலேயே முடிந்துவிட்டது, மறுபடி செய்யப்போவதில்லை. ஆகவே அறிக்கை கொடுத்து 14 நாளுக்குள் ஒப்பந்தம் போட்டால் 40,000 ரூபாய் கழித்துக்கொள்கிறோம் என்று எழுதுங்கள். "செய்த வேலைக்கு இரண்டு தடவை காசு கேட்கமாட்டோம்" என்று சொன்னால் எந்த வியாபாரிக்கும் புரியும். முழு 1,44,000 ஐயும் கழிப்பதாகச் சொன்னால், பைலட் இலவசம் என்பதைச் சுற்றி வளைத்துச் சொன்னதாகிவிடும்.

இதே கணக்கில் உங்களுக்கே ஒரு எச்சரிக்கை இருக்கிறது. 6 லட்சம் என்பது 100 ஆள்நாள். அதற்குள் 6,200 சாமான் என்றால் ஒரு ஆள் ஒரு நாளைக்கு 62 சாமான் முடிக்க வேண்டும். மேலே நான் போட்ட பைலட் கணக்கில் 420 க்குப் பெயரும் எண்ணிக்கையும் சேர்த்து 12 ஆள்நாள் போகிறது. அதாவது நாளைக்கு 35 தான். பைலட்டில் பழகும் நேரமும் சேர்ந்திருப்பதால் பிறகு இந்த வேகம் கொஞ்சம் கூடும், ஆனாலும் வித்தியாசம் பெரிது. கடையில் பாதிச் சாமான், 3,100, இந்த மாதிரிக் கஷ்டமானவை என்று வைப்போம். நாளைக்கு 35 என்றால் 89 ஆள்நாள். மற்றப் பாதி பெயின்ட் டின் மாதிரி எளிதானவை, நாளைக்கு 90 என்றால் 34. மொத்தம் 123 ஆள்நாள், 7,38,000 ரூபாய். நீங்கள் கொடுத்த கொட்டேஷனில் 1,38,000 நட்டம் ஒளிந்திருக்கலாம். பைலட்டில் வயருக்கு எத்தனை மணி, ஆணிக்கு எத்தனை மணி, இணைப்புகளுக்கு எத்தனை மணி என்று தனித்தனியே குறித்து வையுங்கள். கொட்டேஷனையும் இப்போதே திருத்தி, ஆரம்ப வேலை 6 முதல் 7.5 லட்சத்துக்குள், சரியான தொகை பைலட் முடிவில் உறுதியாகும் என்று கொடுங்கள். முடிந்த பிறகு விலையைக் கூட்டினால் ஏமாற்றியதாக நினைப்பார். முன்பே சொன்னால் இருவரும் சேர்ந்து அளந்து பார்ப்பதாகவே எடுத்துக்கொள்வார்.

கொடுப்பனவு பாதி தொடங்கும் நாளில், பாதி அறிக்கை கையில் கொடுக்கும் நாளில். "திருப்தி வந்தால்" என்ற சொல்லை எங்கும் எழுத வேண்டாம், அறிக்கை கொடுத்தால் காசு. விளைவு சரிவராவிட்டாலும் காசு உண்டு, ஏனென்றால் சரிவராது என்று 1,44,000 ரூபாயில் தெரிந்துகொண்டது 24 லட்சத்தை அவருக்கு மிச்சப்படுத்தியிருக்கிறது. புறக்கோட்டையில் திகதி தள்ளிப் போட்ட செக் சாதாரணம். அதில் தவறில்லை, சரக்கு வியாபாரம் அப்படித்தான் சுற்றுகிறது. ஆனால் மூன்று கிழமை வேலைக்கு 90 நாள் செக் வாங்கினால், காசு கைக்கு வருமுன்பே ஒரு வருட ஒப்பந்தத்துக்குள் போயிருப்பீர்கள். பைலட்டுக்கு மட்டும் கைக்காசு அல்லது அன்றைய திகதிச் செக் என்று மரியாதையாகக் கேளுங்கள். அவர் எப்படிக் கொடுக்கிறார் என்பதைப் பார்த்து நீங்களும் அவரைப் பற்றி ஒரு முடிவுக்கு வரலாம்.

இன்னொன்றும் அவருடைய பயத்தைக் குறைக்கும், உங்களுக்குச் செலவே இல்லை. பழைய கடைகளில் வாங்கிய விலையை எழுத்துக் குறியீடாகச் சீட்டில் எழுதுவார்கள், வெளியாளுக்குத் தெரியக் கூடாதென்று. வாங்கிய விலைதான் அந்தத் தெருவில் மிகப் பெரிய இரகசியம். பைலட்டில் விலையே கேட்க வேண்டாம். தொகையும் அலகும் மட்டும் போதும். "வாங்கிய விலையை நாங்கள் பார்க்கமாட்டோம், பட்டியலில் அந்தப் பத்தியே இல்லை" என்று கடிதத்தில் ஒரு வரி எழுதுங்கள். அவர் வாய்விட்டுச் சொல்லாத தயக்கம் அங்கேயே பாதி கரையும்.

கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"முதலாளி அவர்களுக்கு, வயர், ஆணி, குழாய் இணைப்புப் பகுதியில் மட்டும் 18 வேலை நாள் இருப்புக் கணக்கு ஒழுங்குபடுத்தித் தருகிறோம். கட்டணம் 1,44,000 ரூபாய், பாதி தொடக்கத்தில், பாதி அறிக்கையோடு. கடைசி எண்ணிக்கையில் 420 இல் 400 ஒத்துவந்து, கடைசி 6 நாளில் 5 நாள் பில்கள் அன்றே பதியப்பட்டிருந்தால் முறை சரி என்று இரு தரப்பும் ஏற்கும். உங்கள் கணக்கப்பிள்ளையும் ஸ்டோர்ஸ் பொறுப்பாளரும் தினமும் முக்கால் மணி நேரம் எங்களோடு இருக்க வேண்டும். தொடர்ந்து இரண்டு நாள் முடியாவிட்டால் வேலையை நிறுத்தி, அவர்கள் வந்ததும் தொடருவோம். வாங்கிய விலை எங்களுக்குத் தேவையில்லை. வேலை முடிந்ததும் பட்டியலும் கோப்பும் உங்களுக்கே சொந்தம், ஒப்பந்தம் போட்டாலும் போடாவிட்டாலும். பதினெட்டாம் நாள் காலை நீங்களும் நாங்களும் உட்கார்ந்து முடிவு பேசுவோம். அதிலிருந்து 14 நாளுக்குள் ஒப்பந்தமானால் ஆரம்ப வேலைக் கட்டணத்தில் 40,000 ரூபாய் கழியும்."

அந்தப் பதினெட்டாம் நாளின் திகதியைத் தொடங்கும் முன்பே குறித்துவிடுங்கள். செக்கில் கையெழுத்துப் போடுகிறவர் யாரோ அவர் அன்றைக்கு இருக்க வேண்டும். குடும்பக் கடைகளில் கடையில் நிற்பவர் ஒருவர், முடிவெடுப்பவர் வீட்டில் இருக்கும் தகப்பனாக இருப்பார். அவர் ஒரு தடவையாவது முதல் நாள் அறுபது எண்ணும்போது வந்து நிற்கட்டும். திகதி குறிக்க இழுத்தடிக்கிறார்கள் என்றால் ஒப்பந்தம் போடும் எண்ணம் இல்லை என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

நடுவில் ஒரு நாள், "அப்படியே பூட்டு, பிணைச்சல் பக்கத்தையும் சேர்த்துப் பாருங்களேன் தம்பி" என்று நிச்சயம் கேட்பார். வேலை பிடித்திருப்பதால்தான் கேட்கிறார், ஆனாலும் சேர்க்காதீர்கள். 420 இன் முடிவு கலங்கிவிடும், பதினெட்டாம் நாளும் தள்ளிப்போகும். "பதினெட்டாம் நாள் பேசும்போது அதை முதலாவதாக வைப்போம்" என்று சொல்லிவிடலாம்.

உங்கள் பங்காளியின் பயத்துக்கும் ஒரு வழி இருக்கிறது. முதலாளி இலவசம் என்பதிலேயே நின்றால், முதல் நாள் செய்யும் அந்த அறுபது சாமான் சோதனையை மட்டும் இலவசமாகச் செய்யுங்கள். அரை நாள் வேலை. தானே தெரிவுசெய்த அறுபதில் எத்தனை தவறு என்று அவர் தன் கண்ணால் பார்ப்பார். அதன் பிறகும் 1,44,000 பெரிதாகத் தெரிந்தால், அவருக்கு இப்போது இந்த வேலை தேவைப்படவில்லை, மனத்தாங்கல் இல்லாமல் வந்துவிடுங்கள். மாறாக அறுபதில் ஐம்பத்தைந்து ஒத்துவந்தாலும் ஒளிக்காமல் சொல்லுங்கள். அந்தக் கணக்கப்பிள்ளை நன்றாகவே நடத்துகிறார், முழு ஒப்பந்தம் அவர்களுக்குத் தேவையில்லை, வருடத்துக்கு இரண்டு தடவை எண்ணிக் கொடுத்தாலே போதும்.

பைலட் சரிவந்து ஒப்பந்தம் எழுதும்போது ஒரு பிரிவைச் சேருங்கள்: மூன்றாம் மாத முடிவில் இரு தரப்பில் யாரும் ஒரு மாத அறிவித்தலோடு நிறுத்தலாம். நீங்கள் 6,200 இல் 420 ஐத்தான் பார்த்திருக்கிறீர்கள். வெளியே ஸ்டோர்ஸ் இருந்தால் அங்கே என்ன கிடக்கிறது, லொறியிலிருந்து இறக்கும்போது நாட்டாமிமார் எண்ணி வைக்கிறார்களா, அங்கிருந்து கடைக்கு வரும் சாமானுக்குச் சீட்டு உண்டா என்பதெல்லாம் பைலட்டில் தெரியாது. முதல் மூன்று மாதத்தில் அந்தக் கதவைத் திறந்து வைத்தால் அவரும் தைரியமாகக் கையெழுத்திடுவார், நீங்களும் நிம்மதியாக வேலையைத் தொடங்கலாம்.